எந்த ஷூவுக்கு எந்த நிற பாலிஷ்? திட்டு விழாமல் நிறம் மீட்கும் வழி

தகர டப்பாவில் வரும் ஷூ பாலிஷில் பெரும்பகுதி மெழுகு. அந்த மெழுகை இளக்கி வைத்திருக்க டர்பன்டைன் போன்ற ஒரு கரைப்பான் சேர்ந்திருக்கும். நிறம் தரும் பொருள் மிகக் குறைவு. ஷூவில் தேய்த்தவுடன் கரைப்பான் ஆவியாகிப் போய்விடும். தோலின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் மட்டும் மிஞ்சும். அந்தப் படலம் கண்ணாடி போல ஒளியை உள்ளே விடுவதால், பாலிஷ் போட்ட பிறகும் கண்ணில் படுவது முக்கியமாகத் தோலின் சொந்த நிறமே. பாலிஷ் அந்த நிறத்தைச் சற்று ஆழமாக்கும், சற்றுச் சிவப்பாக்கும், சற்று மஞ்சளாக்கும். ஆனால் ஒருபோதும் வெளுப்பாக்காது. பழுப்பு நிற ஷூவின் மேல் தேன் நிற பாலிஷை எத்தனை முறை தேய்த்தாலும் அது தேன் நிறத்துக்கு வராது. தேன் நிற ஷூவின் மேல் பழுப்பு பாலிஷை ஒருமுறை தேய்த்தால் போதும், அது கறுத்துவிடும், பழைய நிறத்துக்குத் திருப்புவது கடினம். நிறம் தேர்வதில் உள்ள எல்லா எச்சரிக்கையும் இந்த ஒருவழிப் போக்கிலிருந்து வருகிறது.

சிறிய கண்ணாடிப் புட்டியிலோ டியூபிலோ வரும் ஷூ கிரீம் வேறு வகை. அதில் மெழுகோடு தண்ணீரும் கலந்திருக்கும். நிறப்பொருளும் டப்பா பாலிஷில் இருப்பதைவிட அதிகம். உரசி வெளுத்த இடத்துக்கு நிறம் ஏற்ற வேண்டுமென்றால் கிரீம்தான் பயன்படும். பளபளப்புக்கும் தண்ணீரைத் தள்ளி நிறுத்தவும் டப்பா மெழுகு. நுனியில் ஸ்பஞ்சு வைத்த திரவ பாலிஷ் மூன்றாவது வகை. துடைக்காமலே பளபளப்பதற்காக அதில் பிசின் போன்ற ஒரு பொருள் இருக்கும். அது நொடிகளில் உலர்ந்துவிடுவதால், ஸ்பஞ்சு ஒருமுறை போன இடமும் இருமுறை போன இடமும் தனித்தனியே தெரியும். நடக்கும்போது மடியும் இடத்தில் அந்தப் படலம் விரிசல் விடவும் செய்யும். அவசரத்துக்குக் கறுப்பு ஷூவில் அதைப் பூசுவோர் உண்டு. டான், பழுப்பு ஷூக்களின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

முதலில் தோல் எத்தகையது

கடையில் ‘லெதர்’ என்று விற்கும் எல்லா ஷூவும் பாலிஷை ஒரே மாதிரி ஏற்பதில்லை. சில தோல்களுக்குச் சாயம் மட்டும் ஏற்றியிருப்பார்கள். தோலின் நுண்துளைகள் திறந்தே இருக்கும். இன்னும் பல தோல்களின் மேல் பெயின்ட் போன்ற ஒரு நிறப்பூச்சு இருக்கும். விலை மலிவான ஆபீஸ் ஷூக்களும் பள்ளி ஷூக்களும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். வெளியே தெரியாத இடத்தில், ஷூவின் நாக்குப் பகுதியில் லேஸுக்கு அடியில் வைப்பது நல்லது. சொட்டு முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, அல்லது பழைய மெழுகு கனமாக இருக்கிறது. அரை நிமிடத்துக்குள் இறங்கி அந்த இடம் கறுத்தால் தோல் உறிஞ்சும் வகை. உறிஞ்சும் தோல் அழகானது, ஆனால் திட்டு விழும் ஆபத்தும் அதற்குத்தான் அதிகம்; கையில் எடுத்த நிறத்தை முதல் தொடுதலிலேயே அது குடித்துவிடும். பூச்சுள்ள தோலில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் பூச்சு உரிந்த முனையும் உரியாத பக்கமும் ஒரே ஷூவில் இருந்தால், முனை ஒரு விதமாகவும் பக்கம் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். ரெக்ஸின் போன்ற செயற்கைத் தோலுக்கு நிற பாலிஷால் பயனில்லை. ஈரத்துணியால் துடைப்பதே போதும். வெல்வெட் போல மயிர்ப்பரப்புள்ள ஸ்வேட் தோலுக்கு மெழுகு பாலிஷ் அறவே ஆகாது.

மங்கியது நிறமா, ஈரப்பதமா?

ஷூ மங்கிவிட்டது என்று கடைக்குப் போய் ‘பிரவுன் ஒன்று’ கேட்டு வாங்குவதில்தான் பெரும்பாலான திட்டுகள் தொடங்குகின்றன. மங்கியதில் பாதிக்கு மேல் நிறம் போனதாக இருக்காது. தோல் வறண்டதாகவே இருக்கும். தோலின் இழைகளுக்கு நடுவே எண்ணெய்ப்பசை இருக்கும்வரை ஒளி உள்ளே இறங்கி நிறத்தோடு திரும்பும். எண்ணெய் போய் அந்த இடைவெளிகளில் காற்று நிறைந்தால் ஒளி மேலேயே சிதறும். தோல் வெளுத்தது போலத் தெரியும். நனைந்த மணல் கறுப்பாகவும் காய்ந்த மணல் வெளுப்பாகவும் தெரிவதற்கும் காரணம் இதே. மணலின் நிறம் மாறுவதில்லை.

ஆகவே எந்த நிறமும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. சுத்தமான துணியின் நுனியை நனைத்து நன்றாகப் பிழிந்து, மங்கிய இடத்தின் மேல் ஒருமுறை ஒற்ற வேண்டும். ஈரம் பட்டதும் அந்த இடம் சுற்றியுள்ள தோலின் நிறத்துக்கு வந்துவிட்டால் நிறம் அங்கேயே இருக்கிறது; வேண்டியது கண்டிஷனர் அல்லது நிறமில்லாத கிரீம் மட்டும். ஈரத்திலும் அந்த இடம் வெளுப்பாகவே நின்றால்தான் நிறம் உண்மையில் உரசிப் போயிருக்கிறது. படியில் இடித்த முனை, ஓட்டும்போது காரின் தரையில் தேய்ந்த வலது குதிகால், பைக்கின் கியர் கம்பி தேய்த்த இடது ஷூவின் மேல்பகுதி ஆகியவை வழக்கமாக இந்த இரண்டாம் வகையில் வரும். பக்கங்களும் மடிப்புகளும் பெரும்பாலும் முதல் வகை.

இதிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது: பழைய மெழுகை எடுப்பது, தோலுக்கு எண்ணெய்ப்பசை திருப்பித் தருவது, அதன் பிறகே நிறம் தேர்வது. வரிசையை மாற்றினால் அழுக்கின் நிறத்துக்கும் வறட்சியின் நிறத்துக்கும் ஏற்ற பாலிஷை வாங்க நேரிடும். தோலின் நிறம் அதற்குள் தெரிந்திருக்காது.

பழைய மெழுகை எடுக்க, லேஸை முழுவதும் கழற்றி, ஷூவுக்குள் மர அச்சு இருந்தால் அதை, இல்லையென்றால் செய்தித்தாளை இறுக்கமாக அடைத்துக்கொள்ள வேண்டும். மடிப்புகள் விரிந்து நிற்காவிட்டால் மடிப்பின் மேட்டில் ஒரு நிறமும் பள்ளத்தில் ஒரு நிறமும் தங்கும். பிரஷால் தூசியைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, பிறகு வெள்ளை பனியன் துணியில் ஷூ கிளீனரைச் சிறிதளவு எடுத்து மெதுவாகத் தேய்க்கலாம். கிளீனர் கிடைக்காத ஊரில் பெயின்ட் கடை டர்பன்டைன் உதவும், சில சொட்டு மட்டும். அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில். வெள்ளைத் துணி எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் வரும் கறுப்பு அல்லது பழுப்புக் கறை பழைய மெழுகு. துணியில் கறை குறைந்துகொண்டே வந்தால் வேலை முடிகிறது என்று பொருள். மாறாகக் கறை குறையாமல், தோலும் சொரசொரப்பாகி வெளுக்கத் தொடங்கினால் தோலின் சொந்த நிறமே கரைகிறது. அங்கே நிறுத்திவிட வேண்டும். நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் முதல் தொடுதலிலேயே மேற்பூச்சைக் கரைத்துவிடும். அந்தப் புட்டியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சுத்தம் செய்த ஷூ நிழலில் இரவு முழுவதும் காயட்டும். மறுநாள் காலை நிறமில்லாத கிரீமையோ கண்டிஷனரையோ ஷூ ஒன்றுக்குப் பட்டாணி அளவு எடுத்து எல்லா இடத்திலும் சமமாகப் பரப்பி, கால் மணி நேரம் விட்டு, பிரஷ் போட வேண்டும். பல ஷூக்களுக்கு இந்த இடத்திலேயே பாதி அழகு திரும்பிவிடும். அதிகமாகக் கண்டிஷனர் பூசினால் டான் தோல் கறுத்துவிடும், எண்ணெய்ப்பசை மிகுந்த இடத்தில் பிறகு மெழுகும் பிடிக்காது. ஆகவே குறைவாகப் பூசுவதே சரி.

நிறத்தைப் படிப்பது

பழுப்பு ஒரே நிறம் அல்ல. மஞ்சள் சாய்ந்த பழுப்பு உண்டு, சிவப்பு சாய்ந்த பழுப்பு உண்டு, சாம்பல் சாய்ந்த பழுப்பும் உண்டு. ஷூவுக்கும் பாலிஷுக்கும் இந்தச் சாயல் ஒத்துப்போவது முதல் தேவை. ஆழம் அதற்கு அடுத்தது. சாயல் ஒத்து, ஆழம் சற்றுக் குறைந்தால் கண்ணுக்கு எதுவும் தோன்றாது. ஆழம் ஒத்து, சாயல் மாறினால், மஞ்சள் பழுப்பு ஷூவில் சிவப்பு பாலிஷ் மடிப்பிலும் தையல் ஓரத்திலும் துருப்பிடித்தது போல நிற்கும்.

சாயலை வீட்டு விளக்கில் பார்க்கக் கூடாது. மஞ்சள் விளக்கில் எல்லாப் பழுப்பும் ஒன்று போலத் தெரியும், வெள்ளை எல்.இ.டி. விளக்கில் சிவப்பு ஒடுங்கிவிடக்கூடும். ஜன்னலோரம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சமே சரியானது. டப்பாவைத் திறந்து பார்த்தும் முடிவு செய்ய முடியாது. கனமாக உறைந்திருக்கும் மெழுகு எப்போதும் மிகக் கறுப்பாகவே தெரியும். விரல் நுனியில் சிறிது எடுத்து வெள்ளைத் தாளில் மெல்லியதாக இழுத்தால் அதன் உண்மையான சாயல் வெளிப்படும். ஷூவையும் தாளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. கடைக்காரர் திறக்க விடாவிட்டால், டப்பா மூடியில் அச்சிட்ட நிறத்தை நம்பாமல், நினைத்ததைவிட ஒரு படி இளைய நிறத்தை வாங்குவது பாதுகாப்பானது.

பெயர்களையும் நம்ப முடியாது. ஒரு கம்பெனியின் ‘டான்’ இன்னொரு கம்பெனியின் ‘லைட் பிரவுன்’. இதில் மிக அதிகமாக ஏமாற்றுவது ‘டார்க் டான்’. 1906-இல் மெல்போர்னில் தொடங்கிய கிவி பாலிஷ் 1908-இல் இந்த நிறத்தைக் கொண்டுவந்தது. மங்கிப்போன பழுப்பு ஷூவுக்கு நிறத்தை மீட்டுத்தரும் பாலிஷாக அது பெயர் வாங்கியது. இன்று நம் ஊர்க் கடைகளில் கறுப்புக்கு அடுத்தபடியாகச் சட்டென்று கிடைப்பது இந்த டார்க் டான்தான். பெயரில் டான் இருந்தாலும், இது சிவப்பு சாய்ந்த நல்ல பழுப்பு. காவல்துறையினர் அணியும் சிவந்த பழுப்பு ஷூவுக்கு அருமையாகப் பொருந்தும். இன்றைய ஆபீஸ் உடையில் டான் என்று விற்கும் தேன் நிற ஷூவுக்கு இது இரண்டு மூன்று படி அதிகம். அந்த ஷூக்களின் முனையும் மடிப்பும் செங்கல் நிறமாக மாறி, பக்கங்கள் தேன் நிறத்திலேயே நிற்பதைப் பேருந்திலும் ரயிலிலும் அடிக்கடி பார்க்கலாம். காரணம் பெரும்பாலும் இந்த ஒரு டப்பாதான்.

டான் நிறத் தோல் தானாகவும் மாறும். மரப்பட்டைச் சத்தால் பதனிட்ட தோல்களுக்கு ஒளி பட்டால் சிவக்கும் குணம் உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல்கள் வெயிலில் சிவந்துவிடும் என்பதால்தான் பழைய தோல் கிடங்குகளில் கடைசியாகக் கடுக்காய்ச் சாற்றில் முக்கி எடுத்தார்கள். ஷூவின் நாக்கில், லேஸால் மறைந்திருந்த இடம் வெளிறியும், வெளிப்பகுதி முழுவதும் சீராகச் சற்றுச் சிவந்தும் இருந்தால் அது வயதின் நிறம். அதில் குறை எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஷூவுக்கு வாங்கிய நாளின் நிறத்தைத் தேடாமல், இன்று பக்கங்களில் இருக்கும் நிறத்துக்கே பாலிஷைப் பொருத்த வேண்டும்.

இப்போது டான், பழுப்பு, கறுப்பு ஆகிய மூன்று நிறங்களுக்கும் முடிவு சொல்லலாம். டான் ஷூ முழுமையாக இருந்தால், அதாவது நிறம் எங்கும் உரியாமல் மங்கியிருந்தால், நிறமில்லாத பாலிஷே போதும். கடையில் ‘நியூட்ரல்’ என்று கேட்டால் கிடைக்கும். நிறம் உரிந்திருந்தால் மட்டும் ஷூவைவிட ஒரு படி இளைய கிரீம். வெள்ளை நூலால் தைத்த டான் ஷூவுக்கு எந்நிலையிலும் நியூட்ரல்தான். நூல் ஒருமுறை கறுத்தால் மீளாது.

பழுப்பு ஷூவுக்கு அதே சாயலில், அதே ஆழத்தில் அல்லது ஒரு படி இளையது. மிகக் கரும்பழுப்பு ஷூவில் நியூட்ரலைத் தொடர்ந்து போடுவது நல்லதல்ல. அந்த மெழுகு மடிப்புகளிலும் அலங்காரத் துளைகளிலும் வெள்ளையாகப் படிந்து, பொடி பூத்தது போலத் தெரியும். கரும்பழுப்புக்குக் கரும்பழுப்பே சரி.

கறுப்புக்கு நிறத் தேர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. இருந்தாலும் கறுப்பு ஷூவும் திட்டாகும்; அங்கே திட்டு நிறத்தில் இல்லாமல் பளபளப்பில் இருக்கும். முனை கண்ணாடியாக மின்னி, பக்கம் சாம்பலாக மங்கி நிற்பதே கறுப்பின் திட்டு. டப்பா மெழுகையே மேலும் மேலும் போடுவதால் அது தீராது. உரசிய இடத்தில் அடித்தோல் சாம்பலாகவோ பழுப்பாகவோ தெரியும். அங்கே முதலில் கறுப்பு கிரீம், அதன் மேல் முழு ஷூவுக்கும் கறுப்பு மெழுகு என்று போனால் சமமாகும். கறுப்பில் கனமாகப் பூசினால் பேன்ட்டின் கீழ் ஓரத்தில் ஒட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெள்ளைத் துணியால் கடைசியாக ஒருமுறை துடைத்துப் பார்த்து, துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை பிரஷ் போடுவது நல்லது.

ஒரு டான் ஷூவின் கதை

மூன்று ஆண்டு பழகிய ஒரு டான் டெர்பி ஷூ. முனை சிவந்து கறுத்திருக்கிறது. முனையின் நுனியில் நகம் அளவுக்கு இரண்டு இடங்களில் தோல் வெளுத்துச் சொரசொரப்பாக இருக்கிறது. மடிப்பில் கருங்கோடுகள். குதிகால் பக்கம் வெளிறியிருக்கிறது. இடையில் யாரோ டார்க் டான் போட்டிருக்கிறார்கள் என்பது முனையைப் பார்த்தாலே தெரிகிறது. பாலிஷ் போடுபவர் பெரும்பாலும் முனையில்தான் தொடங்குவார், துணியில் அதிக மெழுகு இருக்கும் அந்த முதல் தொடுதல் முனைக்கே போகும்.

கிளீனரால் முனையை மூன்று சுற்று துடைத்ததில் துணி செம்பழுப்பாகிறது. நான்காம் சுற்றில் கறை குறைகிறது. முனையின் நிறம் சற்று வெளிறியிருக்கிறது, முழுவதும் திரும்பவில்லை. உள்ளே இறங்கிய சிவப்பு அங்கேயே இருக்கும். அதை விரட்ட முனைந்தால் மேற்பூச்சு போகும். மடிப்பின் கருங்கோடுகளில் பாதி வெறும் அழுக்கு மெழுகு. பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்ததும் வந்துவிடுகிறது. இரவு காயவிட்டு, காலையில் நிறமில்லாத கிரீம். குதிகால் பக்கத்தின் வெளிறல் முழுவதும் மறைகிறது. அது வறட்சி மட்டுமே. இப்போது எஞ்சியிருப்பது இரண்டு சிக்கல்தான்: சிவந்த முனை, நுனியில் உரிந்த இரண்டு இடங்கள்.

முனையின் சிவப்புக்கு மருந்து முனையில் இல்லை. மற்ற இடங்களைச் சற்று ஆழமாக்கி முனைக்கு அருகே கொண்டுவருவதே வழி. பக்கங்களின் நிறம் மஞ்சள் சாய்ந்த நடுத்தரத் தேன் நிறம். முனையோ சிவப்பு. பக்கங்களின் நிறத்துக்கு ஒத்த, சிறிதே சிவப்பு சாய்ந்த ஒரு டான் கிரீம் இங்கே பொருந்தும். இந்த ஒரு நிலையில் மட்டும் ஒரு படி இளையது வேண்டாம், அதே ஆழம் வேண்டும். வாங்கிய கிரீமை உள்பக்கத்து நடுப்பகுதியில், பாத வளைவின் அருகே, ஐந்து பைசா அளவுக்குப் பூசிப் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது எந்தப் பாலிஷும் கறுப்பாகத்தான் தெரியும். அப்போது பதறி முடிவெடுக்கக் கூடாது. இருபது நிமிடம் கழித்து, பிரஷ் போட்டு, ஜன்னலோரம் பார்த்ததில் நிறம் சரியாக இருந்தது.

உரிந்த இரண்டு இடங்களுக்கும் முதலில் தனியாக நிறம் தேவை. சொரசொரப்பை மட்டுப்படுத்த அங்கே நிறமில்லாத கிரீம் ஒரு தடவை. காய்ந்த பின், துணியை விரலில் இறுகச் சுற்றி, நுனியில் மிகச் சிறிது டான் கிரீம் எடுத்து, உரிந்த இடத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். ஓரத்தைத் தாண்டி நல்ல தோலில் கனமாகப் படிந்தால் அங்கே வளையம் விழும். காய்ந்ததும் இன்னொரு மெல்லிய தடவை, தேவைப்பட்டால் மூன்றாவது. ஒரே கனமான தடவையில் நிரப்ப நினைப்பதே இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும் கிரீம், பிரஷ் போட்டதும் பாதி பெயர்ந்து வந்துவிடும்.

அதன் பிறகு முழு ஷூவுக்கும் கிரீம். தொடங்கும் இடம் முனை அல்ல. துணியில் கிரீம் எடுத்ததும் முதலில் பழைய தாளில் ஒருமுறை ஒற்றி மிகுதியை எடுத்துவிட்டு, உள்பக்கத்துக் குதிகாலில் தொடங்கி, பக்கவாட்டில் முன்னேறி, துணி கிட்டத்தட்டக் காலியாகும்போது முனைக்கு வர வேண்டும். ஏற்கெனவே சிவந்த முனைக்கு நிறம் மிகக் குறைவாகவே போகும். ஒரு பகுதியைத் தொடங்கினால், தையல் வரை அதை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. ஒரு பகுதியின் நடுவில் நிறுத்திவிட்டுக் கிரீம் எடுக்கப் போனால், நின்ற இடத்தில் கோடு விழும். கால் மணி நேரம் காயவிட்டுக் குதிரைமயிர் பிரஷால் நன்றாகத் தேய்த்ததில் பக்கங்கள் ஒரு சாயல் ஆழமாகி முனையை நெருங்கின. கடைசியாக நியூட்ரல் மெழுகு மிக மெல்லியதாக முழுவதும். முனையின் சிவப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முனையை நோக்கி மெல்ல ஆழமாகும் நிறமாக அது தெரிகிறது. பல ஷூ செய்பவர்கள் வேண்டுமென்றே அப்படிச் சாயம் ஏற்றுவதுண்டு.

திட்டு விழுந்துவிட்டால்

பாலிஷ் போட்ட பின் திட்டு தெரிந்தால், அது எங்கே விழுந்தது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். துணி முதலில் பட்ட இடத்தில் வட்டமாகக் கறுத்திருந்தால் அளவு அதிகம். அதே நாளில் கண்டால், நியூட்ரல் பாலிஷைக் கொஞ்சம் தாராளமாக எடுத்து அந்த இடத்தில் தேய்த்து உடனே துடைக்கலாம்; புதிய பாலிஷின் கரைப்பான் பழைய மெழுகை இளக்கி, நிறத்தின் ஒரு பங்கைத் துணிக்குக் கொண்டுவந்துவிடும். வாரங்கள் கழித்து இது பலிக்காது; கிளீனரிலிருந்து தொடங்க வேண்டும். மடிப்பின் பள்ளங்களில் மட்டும் கறுத்திருந்தால் ஷூவை அடைக்காமல் பூசியிருக்கிறார்கள். தையலின் ஓரமெல்லாம் கறுத்திருந்தால் துணியில் எடுத்த பாலிஷ் அதிகம், அல்லது ஓரங்களுக்குச் சிறிய பிரஷ் பயன்படுத்தவில்லை.

டான் ஷூவில் சாம்பல் கோடுகள் தெரிந்தால் தவறு பாலிஷில் இல்லை, பிரஷில் இருக்கிறது. கறுப்பு ஷூவுக்குப் பயன்படுத்திய பிரஷ், எத்தனை கழுவினாலும் கறுப்பைத் தந்துகொண்டேயிருக்கும். கறுப்புக்கு ஒரு பிரஷ், பழுப்புக்கு ஒன்று, டானுக்கும் நியூட்ரலுக்கும் ஒன்று என்று பிரித்து, பிடியில் எழுதி வைப்பது சிறிய செலவு. பேருந்து நிலையத்தில் பாலிஷ் போடுபவரிடம் கொடுக்கும்போதும் டான் ஷூ என்றால் அவரிடம் உள்ள பிரஷின் மயிரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலும் அவருக்கே அது தெரியும், தனி பிரஷ் எடுப்பார்.

மழையில் நனைந்து காய்ந்த ஷூவில் அலை அலையாகக் கறுத்த கோடு விழுவது வேறு கதை. தண்ணீர் தோலுக்குள் இருக்கும் சாயத்தையும் பதனிட்ட சத்தையும் கரைத்துக்கொண்டு ஈரத்தின் ஓரம்வரை போய், அங்கே காய்ந்து விட்டுவிடுகிறது. இந்தக் கோட்டை மறைக்க அடர்ந்த பாலிஷைத் தேடுவது வீண். ஷூ முழுவதும் அந்தக் கோட்டின் நிறத்துக்குப் போய்விடும். கோடு விழுந்த பகுதியை மட்டுமல்ல, அந்தத் தோல் துண்டு முழுவதையும், தையல் முதல் தையல் வரை, ஈரத்துணியால் ஒரே சீராக நனைத்து, தாள் அடைத்து, ஃபேனிலிருந்தும் வெயிலிலிருந்தும் தள்ளி மெதுவாகக் காயவிட வேண்டும். ஈரத்துக்கு ஓரமே இல்லாததால் கோடும் பரவி மங்கும். ஒருமுறையில் போகாவிட்டால் இன்னொரு முறை. அதன் பிறகே கண்டிஷனரும் நிறமும்.

சில நிலைகளில் பாலிஷ் உதவாது. பூச்சு உள்ளங்கை அளவுக்கு உரிந்துபோன ஷூவுக்கும், டானைப் பழுப்பாகவோ பழுப்பைக் கறுப்பாகவோ மாற்ற விரும்புகிறவருக்கும் வேண்டியது தோல் சாயம். அது பழைய பூச்சை முழுவதும் களைந்து, தோலுக்குள் நிறத்தை ஏற்றும் வேலை. தேர்ந்த செருப்புத் தைப்பவரிடம் கொடுப்பது மேல். தோல் வெடித்து இழை தெரியும் மடிப்புக்கு எந்த நிறமும் நிற்காது. அங்கே கிரீம் இரண்டு நாள் ஏமாற்றும், மூன்றாம் நாள் வெடிப்பு வெள்ளைக் கோடாகத் திரும்ப வரும். சோலின் ஓரம் மட்டும் வெளுத்திருந்தால் அதற்குத் தனியே ஓரச்சாயம் உண்டு. மேல்தோலுக்கு வாங்கிய கிரீமை அங்கே வீணாக்க வேண்டியதில்லை.

நிறம் சரியாக அமைந்துவிட்ட ஷூவுக்கு அடுத்து நிற பாலிஷ் தேவைப்படப் பல வாரங்கள் ஆகும். இடைப்பட்ட நாட்களில் அணிந்து வந்த மாலை பிரஷால் தூசி தட்டுவதும், மங்கினால் நியூட்ரல் பாலிஷோ நிறமில்லாத கிரீமோ மிகக் குறைவாகப் போடுவதும் போதும். ஒவ்வொரு முறையும் நிற மெழுகைச் சேர்த்துக்கொண்டே போனால் அடுக்கு கனத்து, மடிப்பில் வெடித்து, திட்டு மறுபடி தொடங்கும். நிற மெழுகு சில தடவை சேர்ந்ததும் கிளீனரால் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தோலின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் புதிதாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது. இடையில் தோல் மாறியிருக்கும். சென்ற முறை பொருந்திய டப்பா இந்த முறையும் பொருந்தும் என்று வைத்துக்கொள்ள முடியாது.